பத்திரமான வங்கி வேலையை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டால்

கேள்வி: பொதுத்துறை வங்கி ஒன்றில் ஏழு ஆண்டுகளாக அதிகாரியாக இருக்கிறேன், இப்போது ஸ்கேல் 2. சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு கிளையில் சிறுதொழில் கடன் மேசையில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். அதுதான் எனக்குப் பிடித்த வேலை. பிறகு வேறு ஊருக்கு மாற்றிப் பொது வேலையில் போட்டுவிட்டார்கள். இப்போது சிறுதொழில்களுக்குக் கடன் தரும் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் கடன் மதிப்பீட்டுப் பிரிவுக்கு நேர்காணல் வந்திருக்கிறது. “இவ்வளவு பத்திரமான வேலையை ஏன் விடுகிறீர்கள்?” என்று கட்டாயம் கேட்பார்கள். இடமாற்றம், இன்சூரன்ஸ் விற்கச் சொல்லும் நெருக்கடி என்று என்னிடம் நிறைய இருக்கிறது. சோறு போட்ட இடத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை, பொய் சொல்லவும் விருப்பமில்லை. என்ன சொல்வது?

பதில்:

நானும் உங்களைப் போலப் பொதுத்துறை வங்கியிலிருந்து விலகி வந்தவன்தான். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால், கேட்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தனியார் நிறுவனத்திலிருந்து இன்னொரு தனியார் நிறுவனத்துக்கு வருபவரிடம் இந்தக் கேள்வியை ஒப்புக்குக் கேட்போம். உங்களைப் போன்றவரிடம் நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறோம். நம் ஊரில் வங்கி வேலையை யாரும் சும்மா விடுவதில்லை. ஆகவே இவர் மீது ஏதாவது விசாரணை இருக்கிறதா என்பது முதல் சந்தேகம். வேலையின் அழுத்தம் தாங்காமல் வருகிறாரா, அப்படியானால் இங்கே ஆறு மாதம் தாங்குவாரா என்பது அடுத்தது. எதை இழக்கிறோம் என்று தெரிந்துதான் வருகிறாரா, அல்லது மேலாளரோடு ஒரு சண்டை போட்ட கையோடு விண்ணப்பம் அனுப்பிவிட்டாரா என்பது மூன்றாவது. உங்கள் வங்கி நல்லதா கெட்டதா என்பது எங்கள் கவலையே இல்லை. அதனால்தான் வங்கியைக் குறை சொல்லும் பதிலும் எடுபடுவதில்லை, வங்கியை வானளாவப் புகழும் பதிலும் எடுபடுவதில்லை. இரண்டுமே நாங்கள் கேட்காத கேள்விக்கான பதில்கள்.

இனி உங்கள் விஷயம். கேள்வியிலேயே பதிலின் பாதியை எழுதிவிட்டீர்கள், கவனிக்கவில்லை. கடன் மேசை பிடித்திருந்தது, அங்கிருந்து பொது வேலைக்கு மாற்றினார்கள் என்கிறீர்கள். இதை ஒரு மனக்குறையாக வைத்திருக்கிறீர்கள். சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். கடன், கொள்முதல் போன்ற மேசைகளில் ஒரே ஆள் நெடுங்காலம் உட்காரக் கூடாது என்பது பொதுத்துறை வங்கிகளில் எழுதப்பட்ட விதி. இத்தகைய பொறுப்புகளில் இருப்பவர்களை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமே வழிகாட்டியிருக்கிறது. வாடிக்கையாளரோடு கடன் அதிகாரி கைகோத்துவிடாமல் இருக்க அது தேவை. தவிர, நாளைக்குக் கிளை மேலாளராகப் போகிறவர் டெபாசிட், நகைக்கடன், பயிர்க்கடன், லாக்கர், அரசு மானியம் என்று எல்லா மேசையிலும் கைபழகியிருக்க வேண்டும். அந்த வகையில் உங்கள் வங்கி உங்களுக்குச் செய்தது சரிதான். உங்களுக்கு ஒரே துறையில் ஆழமாகப் போக ஆசை, வங்கிக்கோ எல்லாம் தெரிந்த அதிகாரி தேவை. இரண்டுமே நியாயமானவை, ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நின்று பேசினால் குறை சொல்ல வேண்டிய அவசியமே வராது. சொல்லப்போகும் வாக்கியத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் மண்டல மேலாளர் அதே அறையில் ஒரு நாற்காலியில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வதைக் கேட்டு அவர் “ஆமாம், எங்கள் ஏற்பாடு அப்படித்தான்” என்று தலையாட்டுவாரா? ஆட்டுவார் என்றால் அது குறையில்லை. “எங்கள் வங்கியில் திறமைக்கு மதிப்பில்லை” என்றால் அவர் மறுப்பார். “எங்கள் வங்கியில் கடன் அதிகாரியை மூன்று ஆண்டுக்குள் மாற்றிவிடுவார்கள்” என்றால் தலையாட்டுவார். இதில் ஒளிந்து வரும் குறைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். “இங்கேயாவது சுதந்திரமாக வேலை செய்யலாம் என்று நினைக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால், பழைய இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலேயே முழுப் புகாரையும் படித்துவிட்டார் என்றுதான் பொருள்.

ஆனால் “ஆழமாகப் போக ஆசை” என்பதை வெறுமனே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதை எல்லோரும்தான் சொல்கிறார்கள். “வளர்ச்சி வேண்டும்”, “புதிய சவால் வேண்டும்” என்ற வகையறாவில் அதுவும் போய்ச் சேர்ந்துவிடும். அந்த ஆசை எங்கே பிறந்தது என்பதைக் கையால் தொட்டுக் காட்ட வேண்டும். உங்களுக்கு அதற்குச் சத்திரப்பட்டி இருக்கிறது. பேண்டேஜ் துணி நெய்யும் ஊரில் கடன் மேசையில் இருந்தவரிடம் சொல்வதற்குக் கதை இல்லாமல் போகாது. நானே ஒன்றை மாதிரிக்கு எழுதிக்காட்டுகிறேன். எண்களை உங்கள் நிஜ அனுபவத்திலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் விற்பனையை எதிர்பார்க்கும் ஒரு தறிக்கூடம். நடைமுறை மூலதனக் கடனுக்கு வருகிறார்கள். சிறுதொழில்களுக்கு நாம் வழக்கமாகப் போடும் கணக்கு, நாயக் குழுவின் பரிந்துரையிலிருந்து வந்த விற்றுமுதல் முறை. விற்பனையில் 25 சதவீதம் மூலதனத் தேவை. விற்பனையில் 20 சதவீதத்தை வங்கி தரும், மீதி 5 சதவீதத்தை முதலாளி போட வேண்டும். அதன்படி தேவை 50 லட்சம், கடன் 40 லட்சம். ஐந்து நிமிடத்தில் குறிப்பு எழுதி முடித்துவிடலாம். ஆனால் 25 சதவீதம் என்ற எண்ணுக்குள் ஓர் அனுமானம் இருக்கிறது. போட்ட பணம் மூன்று மாதத்தில் திரும்பி வரும் என்பதுதான் அது. இந்தத் தறிக்கூடத்தில் நூல் இருப்பு பதினைந்து நாள், நெசவும் வெளுப்பும் ஒரு மாதம், வெட்டிச் சுருட்டி அடுக்கிய சரக்கு பதினைந்து நாள், விற்ற பிறகு பணம் வர மூன்று மாதம். மருத்துவமனைகளுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் அப்படித்தான் தருகிறார்கள். (சிறுதொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதைக் காட்டி அடுத்த ஆர்டரை இழக்க எந்தத் தறிக்காரர் தயாராக இருக்கிறார்?) ஆக மொத்தம் ஐந்து மாதம். நூல் ரொக்கத்துக்குத்தான் கிடைக்கிறது என்றால், சுற்றில் மாட்டிக்கொள்ளும் பணம் ஏறத்தாழ 83 லட்சம். அவர் ஐந்தில் ஒரு பங்கு போட்டாலும் 66 லட்சம் கடன் தேவை. 40 லட்சம் கொடுத்து அனுப்பினால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மீதிக்கு வெளியே வட்டிக்கு வாங்குவார், அந்த வட்டி இங்கே தவணையைத் தின்னும், ஒரு வருடத்தில் கணக்கு தடுமாறும்.

விற்றுமுதல் முறை சொல்வது குறைந்தபட்ச அளவு. சுற்று நீளமானது என்று காட்ட முடிந்தால் கூடுதலாகக் கணக்கிட விதியிலேயே இடம் உண்டு. ஜிஎஸ்டி கணக்கையும் வங்கிக் கணக்கின் வரவையும் பில் வாரியாக ஒப்பிட்டு, ஐந்து மாதச் சுற்றை நிரூபித்து, நீங்கள் அந்தக் கூடுதல் தொகைக்குக் குறிப்பு எழுதியிருந்தால், மேலிடம் அதை ஏற்றிருந்தால், அதுதான் உங்கள் பதிலின் மையம். மேலிடம் ஏற்கவில்லை என்றாலும் பரவாயில்லை. ஆனால் அதை “மேலே படிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள்” என்று சொல்லாதீர்கள். “50 லட்சத்துக்கு ஒப்புதல் கிடைத்தது, மீதிக்கு ஆறு மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள்” என்பது போல நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வாடிக்கையாளரின் பெயரையோ, அடையாளம் தெரியும் விவரத்தையோ சொல்லிவிடாதீர்கள். வங்கிப் பணியில் சேரும்போது இரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். உற்சாகத்தில் கடைப் பெயரைச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். நாளைக்கு எங்கள் வாடிக்கையாளரையும் இப்படித்தான் வெளியே பேசுவார் என்றுதான் அப்போது தோன்றுகிறது. கிளையின் வாராக்கடன் எவ்வளவு என்று சொல்வதும் இதே ரகம்.

இப்போது பதிலை ஒரு நிமிட அளவில் சேர்த்துப் பார்ப்போம்:

“ஏழு ஆண்டுகளில் வங்கி எனக்கு நான்கு வகை மேசைகளில் வேலை கொடுத்தது. அதில் சிறுதொழில் கடன் மேசையில் இருந்த இரண்டு ஆண்டுகளில்தான் நான் என்னவாக வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. பேண்டேஜ் துணி நெய்யும் கூடங்களுக்குக் கடன் மதிப்பிட்டபோது, வழக்கமான மூன்று மாதச் சுற்று அந்தத் தொழிலுக்குப் பொருந்தவில்லை என்று கண்டேன். அதைக் கணக்கோடு காட்டிக் கூடுதல் வரம்பு வாங்கிக் கொடுத்த கணக்குகள் இன்றும் ஒழுங்காக ஓடுகின்றன. வங்கியின் முறைப்படி கடன் அதிகாரிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு பொறுப்புக்கு மாற வேண்டும். அதற்குக் காரணமும் இருக்கிறது. எனக்கோ அடுத்த பத்து ஆண்டும் இந்த ஒரு வேலையையே செய்ய வேண்டும். உங்களிடம் ஜவுளித் தொழிலுக்கென்று தனிக் கடன் பிரிவு இருக்கிறது. அதனால்தான் விண்ணப்பித்தேன்.”

அவ்வளவுதான். முடித்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள். இதைச் சொல்வது எளிது, செய்வது கஷ்டம். எதிரே இருப்பவர் குறிப்பெடுக்கக் குனிவார், அறையில் பேச்சு நிற்கும். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் “அது மட்டுமில்லை சார், அங்கே கொஞ்சம்...” என்று ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். நன்றாகப் பேசி முடித்த ஒரு நிமிடத்தை அடுத்த அரை நிமிடம் கெடுத்துவிடும். பதில் எடுபட்டதா என்பதை அடுத்த கேள்வியே காட்டிக்கொடுத்துவிடும். “அந்த ஐந்து மாதத்தை எப்படி உறுதிப்படுத்தினீர்கள்?” என்று கேட்டால் உங்கள் காரணத்தை ஏற்றுக்கொண்டு வேலைக்குள் போய்விட்டார்கள். “உங்கள் மேலாளரோடு உறவு எப்படி?” என்று கேட்டால் எதையோ மோப்பம் பிடித்துவிட்டார்கள்.

கடைசி வரி நிஜமாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அந்த நிறுவனத்தில் தனிப் பிரிவு இல்லை, கடன் மதிப்பீட்டாளர் ஒரே நாளில் எல்லாத் தொழிலுக்கும் கோப்புப் பார்க்கிறார் என்றால், உங்கள் காரணம் அங்கேயே உடைந்துபோகும். போவதற்கு முன் அங்கே வேலை செய்யும் யாரையாவது பிடித்து விசாரித்துவிடுங்கள்.

அடுத்து, உங்களை வழுக்கிவிடக்கூடிய கேள்விகள். முதலாவது அனுதாபமாக வரும்: “வங்கியில் இப்போதெல்லாம் இன்சூரன்ஸ் விற்கச் சொல்லிப் பாடாய்ப்படுத்துகிறார்களாமே?” கேட்பவர் முன்னாள் வங்கிக்காரராக இருந்தால் இன்னும் ஆபத்து, சொந்தக்காரரைக் கண்டதுபோல மனம் இளகிவிடும். இங்கே ஒன்றை யோசியுங்கள். நீங்கள் போகும் நிதி நிறுவனமும் கடனோடு சேர்த்து இன்சூரன்ஸ் விற்கத்தான் செய்யும். இலக்கு அங்கே மாதக் கடைசியில் இன்னும் இறுக்கும். வங்கியில் எட்டாத இலக்குக்கு ஒரு திட்டு கிடைக்கும், அங்கே ஆண்டு இறுதியில் போனஸில் தெரியும். முதல் தவணையே கட்டாத கடன் ஒன்று வந்தால் மதிப்பிட்டவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். ஆகவே இன்சூரன்ஸைக் காரணமாகச் சொல்பவர், புதிய வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறார். “இலக்கு எல்லா இடத்திலும் உண்டு சார். எனக்குக் கொடுத்ததில் பெரும்பகுதியை முடித்தேன், என் விருப்பம் கடன் பக்கம் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். முடிக்கவில்லை என்றால் முடித்ததாகச் சொல்ல வேண்டாம், அந்தப் பாதி வாக்கியத்தை விட்டுவிடலாம்.

இரண்டாவது கேள்வி சற்றுக் கூர்மையானது: “வங்கியிலேயே கடன் பிரிவில் தொடர வழி இருந்திருக்குமே?” இருக்கிறதுதான். பல வங்கிகளில் சிறுதொழில் கடனுக்கென்று மையப்படுத்திய செயலாக்கப் பிரிவுகள் வந்துவிட்டன. நீங்கள் அதற்குக் கேட்டுப் பார்த்தீர்களா? கேட்டிருந்தால் சொல்லுங்கள், கிடைக்காததற்குக் காரணம் கற்பிக்காதீர்கள். கேட்கவே இல்லை என்றால் நேர்காணலுக்கு முன் கேட்டுவிடுவது நல்லது. பதிலுக்காக மட்டும் சொல்லவில்லை, ஒருவேளை கிடைத்துவிட்டால் நீங்கள் விலகவே வேண்டியதில்லை.

மூன்றாவது, சம்பளம். “பணத்துக்காக இல்லை” என்று யாரும் சொல்லாமல் இருப்பது நல்லது. யாரும் நம்பமாட்டார்கள். சம்பளம் கூடும் என்பது தெரியும், ஆனால் அதற்கு ஈடாக எதை விடுகிறேன் என்பதையும் கணக்குப் பார்த்துவிட்டேன் என்று காட்டுவதுதான் பலன் தரும். முதலில் சொன்ன எங்கள் மூன்றாவது சந்தேகத்துக்கான பதிலும் அதுவே. ஊழியர் வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறீர்களா? விலகினால் சலுகை வட்டி போய்விடும். சில வங்கிகள் பொதுமக்களுக்கான வட்டிக்கு மாற்றித் தொடரவிடும், சிலவற்றில் முழுவதும் அடைக்க வேண்டியிருக்கும். உங்கள் வங்கியின் சுற்றறிக்கையை எடுத்துப் பாருங்கள். 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர் என்பதால் நீங்கள் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில்தான் இருக்கிறீர்கள், அந்தக் கணக்கு உங்களோடு வரும். ஆனால் வங்கி போடும் 14 சதவீதப் பங்கைப் புதிய இடம் போடுமா என்று கேட்க வேண்டும். ஐந்து ஆண்டு கடந்துவிட்டதால் சட்டப்படி பணிக்கொடை உண்டு. இவற்றையெல்லாம் நேர்காணலில் ஒப்பிக்க வேண்டாம். “வீட்டுக் கடன் வட்டி மாறுவதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டேன்” என்ற ஒரே வாக்கியம் போதும். ஆத்திரத்தில் வேலையை விடுபவர் வட்டி விகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார் என்பது எதிரே இருப்பவருக்குத் தெரியும்.

இடமாற்றத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது உண்மையான காரணங்களில் ஒன்று என்றால் மறைக்க வேண்டியதில்லை, முதலில் வைக்கவும் வேண்டாம். இந்தியா முழுவதும் எங்கும் மாற்றலாம் என்று ஒப்புக்கொண்டுதான் அதிகாரி வேலையில் சேர்ந்தோம். அதனால் அதை அநீதியாகச் சொன்னால் எடுபடாது. “மனைவிக்கு மதுரையில் வேலை, குழந்தை அங்கே படிக்கிறது, தென்மாவட்டங்களில் இருக்க முடிந்தால் நல்லது” என்று குடும்ப நிலையாகச் சொல்லலாம். சொல்வதற்கு முன் அந்த நிறுவனம் ஆட்களை எங்கெல்லாம் அனுப்புகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கடன் பிரிவின் தலைமை சென்னையில் இருந்து, பதவி உயர்வுக்கு அங்கேதான் போக வேண்டும் என்றால், நீங்களே உங்கள் கதவைச் சாத்திக்கொண்டது போல ஆகிவிடும்.

சொல்லாமல் விடுவது பொய்யாகாதா என்று உங்களுக்கு உறுத்துகிறது. நீங்கள் விலக ஐந்து காரணங்கள் இருந்தால், புதிய வேலையோடு தொடர்புள்ள காரணத்தை அந்த அறையில் சொல்கிறீர்கள். மற்றதை வீட்டில் சொல்கிறீர்கள். இல்லாத காரணத்தைச் சொன்னால்தான் பொய். ஆனால் கடன் வேலை மீது பெரிய ஈடுபாடு ஒன்றும் இல்லை, மேலாளர் தொல்லை தாங்கவில்லை என்பது மட்டும்தான் உண்மை என்றால், என் மாதிரிப் பதில் உங்களுக்கு உதவாது. சத்திரப்பட்டியைப் பற்றி இரண்டாவது துணைக்கேள்வியிலேயே அது தெரிந்துவிடும்.

நேர்காணலை ஆங்கிலத்தில் நடத்துவார்களோ என்று எண்ணிப் பதிலை முதலிலேயே ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்யாதீர்கள். எல்லோரும் சொல்லும் வெற்று வார்த்தைகள் அப்படித்தான் நாக்கில் ஏறுகின்றன. வீட்டில் யாரிடமாவது தமிழில் சொல்லிப் பாருங்கள். தறியும் நூலும் மாதக் கணக்கும் அதில் வந்தால், பிறகு எந்த மொழியில் சொன்னாலும் நிற்கும். மனிதவளப் பிரிவில் தொலைபேசியில் கேட்கும்போதும், விண்ணப்பப் படிவத்தில் விலகும் காரணம் என்ற கட்டத்திலும் இதே காரணத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். படிவத்தில் “சொந்தக் காரணம்” என்று எழுதிவிட்டு நேரில் வேறு சொன்னால் அந்தப் படிவம் எங்கள் கையில்தான் இருக்கும்.

முதலில் சொன்ன விசாரணைச் சந்தேகம் ஒன்று பாக்கி. அதை நாங்கள் வாய்விட்டுக் கேட்பது குறைவு, நீங்களே தீர்த்துவைத்துவிடலாம். பொதுத்துறை வங்கி அதிகாரி விலக மூன்று மாத நோட்டீஸ் தர வேண்டும், வங்கி மனம் வைத்தால் அதைக் குறைக்கலாம். ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால் வங்கி ஒப்புக்கொள்ளாமல் ராஜினாமா செல்லாது. ஆகவே எப்போது சேர முடியும் என்று கேட்கும்போது, “மூன்று மாத நோட்டீஸ், என் மீது எந்த நடவடிக்கையும் நிலுவையில் இல்லை, பணிவிடுப்புச் சான்றோடு வருவேன், சேரும்போது கொடுத்த ஒப்பந்தக் காலமும் முடிந்துவிட்டது” என்று கேளாமலே சொல்லிவிடுங்கள். கடைசியில் ராஜினாமாக் கடிதம் எழுதும்போது மேலே சொன்ன விளக்கம் எதுவும் அதில் வேண்டாம். விலகும் தேதி, நோட்டீஸ் காலம், பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்ற மூன்றும் போதும்.